கட்டிலில் புரளும்போது சுழலும் அறை

(நூற்றாண்டு விழாவை ஒட்டி எமது பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்குசெய்த உடல்நலக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காது மூக்கு தொண்டை வைத்தியராக இருக்கும் என்னை எதைப் பற்றியாவது பேசுங்கள் என்று சங்கத்தினர் கேட்டபோது, இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலருக்கு வந்திருக்கக்கூடிய, அல்லது வரக்கூடிய ஒரு நோயைத் தெரிந்தெடுத்தேன். காலையில் கட்டிலில் ஒரு பக்கம் புரள்கிறோம். அந்தக் கணமே அறை முழுவதும் இராட்டினம் போலச் சுழல்கிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கட்டில் சட்டத்தைப் பிடிக்கிறோம். அரை நிமிடத்துக்குள் எல்லாம் நின்றுவிடுகிறது. பிறகு எழும்பித் தேநீர் போடும்போது ஒன்றுமில்லை. மேல்தட்டில் இருக்கும் சீனிப் பேணியை எடுக்க அண்ணாந்து பார்த்தவுடன் மறுபடியும் அதே சுழற்சி. இதை நம்மவர்கள் தலைச்சுற்று என்பார்கள், கிறுதி என்பார்கள். பிரசர் என்பார்கள், பித்தம் என்பார்கள், கழுத்தெலும்புத் தேய்வு என்பார்கள். உண்மையில் இது உட்காதுக்குள் இடம் மாறிய சில துகள்களின் வேலை. தலையின் நிலையை மாற்றும்போது மட்டும் வருவதாலும் உயிருக்கு ஆபத்தில்லாததாலும் இதனைத் தீங்கற்ற நிலைசார் தலைச்சுற்று என்று சொல்கிறோம். பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. ஐம்பது வயதுக்குப் பிறகு இன்னும் கூடுதல்.

தீங்கற்றது என்ற சொல்லை நம்பி இதனை விட்டுவிடவும் கூடாது. சுழற்சியால் யாரும் இறப்பதில்லை. ஆனால் எலும்பு தேய்ந்த அறுபத்தைந்து வயதுப் பெண் குளியலறையில் சுழன்று விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அதற்குப் பிறகு அவர் பழையபடி நடப்பாரா என்பது நிச்சயமில்லை. விழாதவர்களும் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கோயிலுக்கும் கடைக்கும் போவதை நிறுத்திவிடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் போக்கக்கூடிய ஒன்றுக்காக இப்படி ஒடுங்கிப் போகிறார்களே என்பதுதான் எனது கவலை.

இன்று ஒரேயொரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சுழற்சி ஏன் அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது? இதற்கான பதில் விளங்கினால், தலையை நாலு முறை திருப்பி வைத்தே இதனை எப்படிக் குணமாக்குகிறோம் என்பதும் தானாக விளங்கிவிடும்.

முதலில் உட்காதின் அமைப்பைப் பார்ப்போம். கேட்பதற்கு மட்டுமல்ல, சமநிலைக்கும் காதுதான் பொறுப்பு. ஒவ்வொரு காதின் உள்ளும் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் இருக்கின்றன என்று உயிரியல் வகுப்பில் படம் கீறியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொன்றும் வளைந்த ஒரு மெல்லிய குழாய். உட்துவாரம் ஒரு மில்லிமீற்றரின் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் நீர்போன்ற திரவம் நிறைந்திருக்கிறது. குழாயின் இரண்டு முனைகளும் ஒரு சிறிய பைக்குள் திறக்கின்றன. ஒரு முனையில் மட்டும் குழாயைக் குறுக்கே மறிக்கும் மெல்லிய திரை ஒன்று உண்டு. நாங்கள் தலையைத் திருப்பும்போது குழாய் தலையோடு சேர்ந்து திரும்பும், உள்ளே இருக்கும் திரவம் சற்றுப் பின்தங்கும். வாளி நீரைச் சட்டென்று சுழற்றினால் வாளி சுழல, நீர் முதலில் அப்படியே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பின்தங்கிய திரவம் திரையை வளைக்கும். திரை வளைந்தால் நரம்பு வழியாக மூளைக்கு ‘தலை திரும்புகிறது’ என்ற செய்தி போகும். மூளைக்குத் தெரிந்தது திரையின் வளைவு மட்டுமே. அதனை வளைத்தது எது என்று மூளை கேட்பதில்லை.

அடுத்து அந்தப் பை. தலை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, எவ்வழி நகர்கிறது என்பதை அறிவது அதன் வேலை. அதற்காகப் பையின் உள்ளே பசைபோன்ற படுக்கை ஒன்றின் மேல் ஆயிரக்கணக்கான நுண்ணிய கற்கள் ஒட்டியிருக்கின்றன. இவை கல்சியம் காபனேற்றாலானவை. சுண்ணாம்புக் கல் எந்தப் பொருளோ அதே பொருள். ஒரு கல்லின் அளவு ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குதான். ஆனால் திரவத்தை விடக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்குக்கு மேல் பாரமானது. வயது போகும்போதும், தலையில் அடிபட்டாலும், சிலவேளை காரணமே தெரியாமலும் சில கற்கள் படுக்கையை விட்டுக் கழன்றுவிடுகின்றன. பைக்குள்ளேயே கிடந்தால் தொல்லை இல்லை. வழி தவறிக் கால்வாய்க்குள் புகுந்தால்தான் தொல்லை.

மூன்று கால்வாய்களில் பெரும்பாலும் பின்புறக் கால்வாய்க்குள்ளேயே அவை போய்ச் சேர்கின்றன. நாங்கள் நிற்கும்போதும் படுக்கும்போதும் அதுதான் தாழ்ந்த இடம். அதற்குள் போன கல் தானாக வெளியேறுவதும் கடினம். ஒரு முனையைத் திரை மறித்திருப்பதால் போன வழியேதான் திரும்பி வர வேண்டும்.

இதனைக் காட்டவே இந்தப் போத்தலையும் குழாயையும் கொண்டு வந்தேன். மேசன்மார் மட்டம் பார்க்கப் பாவிக்கும் தெளிவான பிளாஸ்ரிக் குழாயில் ஒரு முழத்துண்டு இது. மலரில் வாசிப்பவர்கள் மனதில் கற்பனை செய்துகொள்ளுங்கள். போத்தல்தான் அந்தப் பை. போத்தலின் அடிப்பக்கத்திலிருந்து குழாய் புறப்பட்டு, பின்புறமாக வளைந்து, மேல்பக்கத்தில் மீண்டும் போத்தலுக்குள் போகிறது. கீழ் வாயைப் பலூன் தோலால் மூடியிருக்கிறேன்; அதுதான் திரை. மேல் வாய் திறந்திருக்கிறது. எல்லாவற்றிலும் நீர் நிறைத்து, குழாய்க்குள் ஒரு சிட்டிகை மணல் போட்டிருக்கிறேன். இப்போது போத்தல் நிமிர்ந்து நிற்கிறது, நீங்கள் கதிரையில் இருப்பது போல. மணல் குழாயின் அடியில், பலூன் தோலுக்குப் பக்கத்தில் அசையாமல் கிடக்கிறது. மணல் அசையாதவரை நீரும் அசையாது, தோலும் வளையாது. அதனால்தான் பகலில் நடந்து திரியும்போது உங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

இனிப் போத்தலைப் பின்னால் சரிக்கிறேன், நீங்கள் கட்டிலில் மல்லாந்து படுப்பது போல. பின்னால் இருந்த வளைவு இப்போது கீழே வந்துவிட்டது. மணல் பலூன் தோலை விட்டு விலகி, வளைவின் நடுப்பகுதியை நோக்கி வழுக்கிக்கொண்டு போகிறது. குழாய் ஒடுக்கமானது. அதனால் மணல் போகும்போது நீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. நீர் போக, தோல் வளைகிறது. மூளைக்குச் செய்தி போகிறது: ‘தலை வேகமாகச் சுழல்கிறது.’ ஆனால் தலை தலையணையில் அசையாமல் இருக்கிறது. மற்றக் காது சுழற்சி இல்லை என்கிறது. ஆயினும் வளைந்த திரையின் செய்தியை நம்பிக் கண்மணிகள் சுழற்சிக்கு ஈடுகொடுக்கத் துடிக்கின்றன. கண்மணி துடித்தால் பார்க்கும் அறை சுழலும். கண்ணை மூடினாலும் தான் சுழல்வது போலத்தான் இருக்கும்.

இப்போது எங்கள் கேள்விக்கு வருவோம். மணல் எவ்வளவு நேரம் விழும்? குழாயின் ஆகத் தாழ்ந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். மணல் நின்றால் நீர் நிற்கும். நீர் நின்றால் இழுத்து விட்ட றப்பர் போலத் திரை தன் பழைய நிலைக்கு வரும். சுழற்சி தீர்ந்தது. காதுக்குள் இருக்கும் கல் ஒரு செக்கனில் ஒரு மில்லிமீற்றர் தூரம்கூட விழுவதில்லை. ஆனால் போகவேண்டிய தூரமும் சில மில்லிமீற்றர்தான். ஆகவே பத்துச் செக்கன், இருபது செக்கன், கூடினால் ஒரு நிமிடம். அதற்கு மேல் விழுவதற்கு இடமில்லை. இதுதான் பதில்.

இந்த ஒரு காரணத்திலிருந்து வேறு மூன்று அடையாளங்களும் வருகின்றன. முதலாவது, படுத்த உடனே சுழல்வதில்லை. இரண்டு மூன்று செக்கன், சிலவேளை இன்னும் சற்றுக் கழித்தே தொடங்கும். கற்கள் புறப்பட்டு அகன்ற முனையிலிருந்து ஒடுங்கிய பகுதிக்குள் வந்த பிறகே நீரைத் தள்ள முடியும். இரண்டாவது, எழும்பி இருக்கும்போது மறுபடியும் ஒருமுறை, எதிர்த்திசையில் சுழலும். கற்கள் வந்த வழியே திரும்பி விழுகின்றன. மூன்றாவது, இதே படுக்கையை அடுத்தடுத்துச் செய்தால் சுழற்சி வரவரக் குறையும். ஒன்றாகத் திரண்டிருந்த கற்கள் சிதறிவிடுவதால் நீரைத் தள்ளும் பலம் குறைகிறது. சில மணி நேரம் கழித்துக் கற்கள் மீண்டும் திரண்டதும் பழையபடி வரும். அதனால்தான் பலருக்குக் காலையில், முதல் புரளலில்தான் கடுமையாக இருக்கிறது.

இவற்றை வைத்தே நோயைக் கண்டறிகிறோம். ஒஸ்திரியாவைச் சேர்ந்த ரொபர்ட் பராணி, தலையின் நிலையால் வரும் இச்சுழற்சியை 1921இல் விபரித்தார். உட்காதின் சமநிலை பற்றிய ஆய்வுக்காக அவருக்கு ஏற்கெனவே 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்திருந்தது. 1952இல் இலண்டனில் மார்கிரெட் டிக்ஸ் என்ற பெண் வைத்தியரும் சார்ள்ஸ் ஹோல்பைக் என்பவரும் சேர்ந்து இதற்கான பரிசோதனையை ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். இன்றும் அந்தப் பரிசோதனைக்கு அவர்கள் இருவரின் பெயர்தான். ஸ்கானும் வேண்டாம், இரத்தப் பரிசோதனையும் வேண்டாம். ஒரு கட்டிலும் பார்க்கத் தெரிந்த இரண்டு கண்களும் போதும்.

எப்படிச் செய்வது என்பதை எனது நோயாளர் ஒருவரின் கதையோடு சொல்கிறேன். அவரை அடையாளம் காட்டும் விபரங்களை மாற்றியிருக்கிறேன். ஓய்வு பெற்றவர், அறுபத்திரண்டு வயது. ஒரு நாள் அதிகாலை வலப்பக்கம் புரண்டபோது முகட்டோடு சேர்ந்து வீடே சுழன்றது, சத்தியும் வந்தது. பிரசர் என்று சொல்லிப் பிரசர்க் குளிசையைக் கூட்டினார்கள். பிறகு கழுத்தெலும்புத் தேய்வு என்று கழுத்துப்பட்டி போட்டார்கள். தலைச்சுற்றுக் குளிசைகளும் கொடுத்தார்கள். என்னிடம் வரும்போது ஐந்து கிழமையாகக் கட்டிலில் படுக்காமல் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொண்டு வந்தார். கொடியில் உடுப்புக் காயப்போடுவதையும் விட்டுவிட்டார். மகளின் கையைப் பிடிக்காமல் முற்றத்தில் இறங்க மாட்டார்.

அவரிடம் நான் முதலில் கேட்டது: ‘அம்மா, படுத்திருக்கும்போது புரண்டால் சுழலுமா?’ இந்தக் கேள்வி மிக முக்கியம். பிரசர் இறங்குவதால் வரும் மயக்கம் எழும்பி நிற்கும்போது வரும். கண் இருளும், உடல் தளரும். படுத்தால் அது சரியாகும். படுத்துக்கொண்டு புரள்பவருக்குப் பிரசர் இறங்க இடமில்லை. படுக்கும்போதும் புரளும்போதும் அறை சுழன்றால் அது காது. ‘ஓம் பிள்ளை, வலப்பக்கம் புரண்டால்தான்’ என்றார்.

கட்டிலில் கால் நீட்டி இருக்கச் செய்து, அவரது முகத்தை 45 பாகை வலப்பக்கம் திருப்பினேன். பின்புறக் கால்வாய் தலைக்குள் நேராக இல்லை, மூலைவாட்டாக இருக்கிறது. 45 பாகை திருப்பினால்தான் அது படுக்கும் திசைக்கு நேராக வரும். படுக்கும்போது கல் முழு வேகத்தில் விழும். என் இரண்டு கையாலும் அவரது தலையைத் தாங்கியபடி, தலை கட்டில் விளிம்புக்கு வெளியே 20 பாகை அளவு தாழும்படி விரைவாகப் படுக்க வைத்தேன். கண்களைத் திறந்தே வைத்திருக்கச் சொன்னேன். மூன்று செக்கன் ஒன்றுமில்லை. பிறகு ‘ஐயோ’ என்று என் கையைப் பற்றினார். கண்மணிகள் நெற்றியை நோக்கியும், அதே நேரத்தில் கீழே இருந்த வலது காதின் பக்கம் சுழன்றும் துடித்தன. இருபது செக்கனில் அடங்கியது. இடப்பக்கம் செய்தபோது ஒன்றுமில்லை. ஆகவே வலது காது, பின்புறக் கால்வாய்.

இனிச் சிகிச்சை. போத்தலைக் கையில் எடுக்கிறேன். மணலைத் திறந்த வாய் வழியே போத்தலுக்குள் கொட்ட வேண்டும், அவ்வளவுதான். பின்னால் சரித்தேன், மணல் வளைவின் நடுவுக்கு வந்தது. அதே திசையில் இன்னும் உருட்டுகிறேன்; போத்தல் தலைகீழாகிறது, மணல் திறந்த வாயை நோக்கிப் போகிறது. இன்னும் உருட்டுகிறேன், வளைவு மேலே, போத்தல் கீழே, மணல் போத்தலுக்குள் விழுகிறது. கடைசியாக நிமிர்த்தினால் மணல் போத்தலின் அடியில். ஒரே திசையில் ஒரு முழுச் சுற்று. அந்த அம்மா பின்னோக்கி ஒரு குத்துக்கரணம் போடக்கூடுமானால் அதுவே சிகிச்சையாகிவிடும். அவரால் முடியாது. ஆகவே அதே சுற்றைப் படுத்தபடி தலையையும் உடலையும் திருப்பிச் செய்விக்கும் வழியை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த காது வைத்தியர் ஜோன் எப்லி கண்டார். குளிசையுமில்லை, கத்தியுமில்லை, தலையைத் திருப்பியே குணமாக்கலாம் என்று அவர் சொன்னபோது சக வைத்தியர்கள் பலர் ஆண்டுக்கணக்காக நம்ப மறுத்தார்கள். அவரது கட்டுரை 1992இல் வெளிவந்தது. அதே ஆண்டில் கனடாவில் இருவர், அறுவைச் சிகிச்சையின்போது பின்புறக் கால்வாய்க்குள் துகள்கள் மிதப்பதைக் கண்ணால் கண்டதாக எழுதினார்கள்.

அந்த அம்மாவுக்குச் செய்தது இதுதான். முதல் நிலை, பரிசோதனையில் படுக்க வைத்த அதே நிலை: முகம் 45 பாகை வலப்பக்கம், தலை தாழ்ந்து. சுழற்சி முழுதாக நின்ற பிறகும் அரை நிமிடம் அப்படியே வைத்திருந்தேன். கற்கள் வளைவின் நடுவுக்கு வந்தன. இரண்டாம் நிலை, தலையை உயர்த்தாமல், தாழ்ந்தபடியே மெதுவாக 90 பாகை இடப்பக்கம் திருப்பினேன். இப்போது முகம் 45 பாகை இடப்பக்கம். கற்கள் திறந்த வாயை நோக்கி நகர்ந்தன. மறுபடியும் அரை நிமிடத்துக்கு மேல். மூன்றாம் நிலை, உடலையே இடப்பக்கம் புரட்டித் தோளில் படுக்கச் சொல்லி, தலையை இன்னும் 90 பாகை திருப்பினேன். இப்போது மூக்கு தரையைப் பார்த்தபடி இருந்தது. கற்கள் வெளிவாய்க்கு வந்தன. நாலாம் நிலை, நாடியைச் சற்று மார்பின் பக்கம் தாழ்த்தியபடி, கால்களைக் கீழே விட்டு, இடப்பக்கமாகவே எழும்பி இருக்கச் செய்தேன். கற்கள் பைக்குள் விழுந்தன. அங்கே அவை காலப்போக்கில் கரைந்துவிடும் என்று கருதப்படுகிறது. இடது காதென்றால் எல்லாவற்றையும் பக்கம் மாற்றிச் செய்ய வேண்டும்.

மூன்றாம் நிலையில் அவருக்குச் சற்றுச் சுழன்றது. நான் அவரது கண்களைப் பார்த்தேன். முதலில் துடித்த அதே திசையிலேயே துடித்தன. அது நல்ல அடையாளம். கற்கள் முன்னோக்கியே போகின்றன. எதிர்த்திசையில் துடித்திருந்தால் அவை திரையின் பக்கம் திரும்பி விழுகின்றன, மறுபடி செய்ய வேண்டும் என்று பொருள். கால் மணி நேரம் கழித்து வலப்பக்கம் மீண்டும் பரிசோதித்தேன். சுழற்சி இல்லை. அன்றிரவு கட்டிலில் படுத்தார். இரண்டு மூன்று நாள் மிதப்பது போன்ற உணர்வு இருந்ததாகச் சொன்னார். அது பலருக்கு இருக்கும், தானே போய்விடும். அன்றிரவு இருந்தபடி நித்திரை கொள்ள வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். அது தேவையில்லை என்று பிறகு தெரிந்துவிட்டது.

இந்த முறை தவறும் இடங்களும் கற்கள் விழும் விதத்தை வைத்தே விளங்கும். சுழற்சிக்குப் பயந்து நடுவில் எழும்பி இருந்துவிட்டால், கற்கள் வந்த வழியே திரும்பிவிடும். ஒரு நிலையில் ஐந்து செக்கன் மட்டும் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனால், கற்கள் பாதி வழியில் நிற்கும்போதே குழாயைத் திருப்பிவிடுகிறோம். தலையைத் தாழ்த்தாமல் தலையணையின் மேல் வைத்துச் செய்தால் கற்கள் சரியாக உருள்வதில்லை. தலையணையைத் தோளுக்குக் கீழே வைத்தால், கட்டில் விளிம்புக்குப் போகாமலே தலை தாழும். எல்லாவற்றையும் விடக் கூடுதலாக நடப்பது, காது எது என்று தெரியாமல் செய்வது. வலது காதில் கல் இருக்க இடது காதுக்குச் செய்தால் பயனில்லை. ஆகவே முதல் முறை கண்ணைப் பார்த்துக் காதைக் கண்டறியத் தெரிந்த ஒருவரிடம் செய்யுங்கள். அதன் பிறகு வீட்டில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யலாம்.

இன்னொன்றும் நடப்பதுண்டு. வெளியே வரும் கல் பைக்குள் விழாமல், பக்கத்திலிருக்கும் கிடைக் கால்வாய்க்குள் நழுவிவிடலாம். அப்போது இடம் வலம் எந்தப் பக்கம் புரண்டாலும் முன்பைவிடக் கடுமையாகச் சுழலும். பயப்பட வேண்டாம். அது வேறொரு குழாய், அதனை உருட்டும் முறையும் வேறு. வைத்தியரிடம் திரும்பிப் போனால் படுத்தபடியே உடலைப் படிப்படியாக உருட்டி அதையும் வெளியேற்றலாம். கழுத்தில் கடும் மூட்டுவாதம் உள்ளவர்களும், அண்மையில் கண் விழித்திரையில் சிகிச்சை செய்தவர்களும் தலையைத் தாழ்த்துவதற்கு முன் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கழுத்தை வளைக்க முடியாதவர்களுக்கு வேறு முறைகள் உண்டு.

குளிசை ஏன் உதவவில்லை என்பதும் இப்போது உங்களுக்கே விளங்கும். தலைச்சுற்றுக் குளிசை மூளைக்குப் போகும் செய்தியை மழுங்கச் செய்யும், சத்தியை அடக்கும். குழாய்க்குள் கிடக்கும் கல்லை அது அசைக்காது. அரை நிமிடச் சுழற்சி, குளிசை வயிற்றில் கரைவதற்கு முன்பே தீர்ந்துவிடும். நாள்தோறும் விழுங்கினால் எஞ்சுவது நித்திரைத் தூக்கமும் தள்ளாட்டமும்தான். வயதானவர்கள் விழுவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

இது திரும்ப வருமா என்று கேட்பீர்கள். வரும். ஐந்து ஆண்டுகளுக்குள் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு மறுபடி வருகிறது. கற்கள் மீண்டும் கழன்றால் அதே முறையில் மீண்டும் வெளியேற்றலாம். கற்களும் எலும்பைப் போலக் கல்சியத்தாலானவை என்பதால் விற்றமின் டி குறைவோடு தொடர்பு இருக்குமா என்று ஆராய்ந்தார்கள். 2020இல் வெளிவந்த தென் கொரிய ஆய்வொன்றில், விற்றமின் டி குறைந்தவர்களுக்கு அதனையும் கல்சியத்தையும் கொடுத்தபோது மறுபடி வருவது ஏறத்தாழக் கால்வாசி குறைந்தது. முற்றாக நிற்கவில்லை, குறைந்தது. அடிக்கடி வருபவர்கள் தங்கள் விற்றமின் டி அளவைப் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நான் சொன்ன விளக்கத்துக்குள் அடங்காத தலைச்சுற்றைக் கல் என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். அசையாமல் படுத்திருக்கும்போதும் மணிக்கணக்கில் சுழன்றால் அது கல்லல்ல. கல் அவ்வளவு நேரம் விழாது. காது திடீரென்று கேளாமல் போனாலும் அது கல்லல்ல. சுழற்சியோடு பேச்சுக் குழறினால், பொருட்கள் இரட்டையாகத் தெரிந்தால், முகம் கோணினால், கை கால் பலமிழந்தால், புதிதாகக் கடும் தலையிடி வந்தால், பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமல் போனால், அது மூளையின் இரத்த ஓட்டத்தில் வந்த தடையாக இருக்கலாம். அப்போது தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எனவே வீட்டில் ஒருவர் தலை சுற்றுகிறது என்றால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். படுத்துப் புரளும்போது வருகிறதா? ஒரு நிமிடத்துக்குள் நிற்கிறதா? இடைப்பட்ட நேரத்தில் சுகமாக இருக்கிறதா? மூன்றுக்கும் ஓம் என்றால், எந்தப் பக்கம் புரண்டால் வருகிறது என்பதைக் குறித்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். அவரிடம் ‘என்னைப் படுக்க வைத்துக் கண்ணைப் பார்ப்பீர்களா?’ என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

போத்தலையும் குழாயையும் விஞ்ஞான ஆசிரியையிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். பிள்ளைகள் உருட்டிப் பார்க்கட்டும்.